கோமாளி மீன் கடல் சாமந்தியோடு பழகும் அந்த ஒரு மணி நேரத்துக்கு ஒரு சொல் வேண்டும்

மங்கை, திங்கள் இரவு

அனைவருக்கும் வணக்கம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான கடல் உயிரினக் காணொளி ஒன்றுக்குத் தமிழ் உரை எழுதுகிறேன். வெள்ளி காலை ஒலிப்பதிவு. ஓரிடத்தில் நின்றுவிட்டேன்.

புதிதாக விட்ட கோமாளி மீன், விரல் விரலாக நீண்டு கொட்டும் அந்தக் கடல் உயிரான சாமந்திக்குள் நேரே பாய்வதில்லை. முதலில் அடித்தண்டுப் பக்கம் வந்து வால் நுனியால் தொடுகிறது. வெடுக்கென்று விலகுகிறது. திரும்பி வந்து வயிற்றுத் துடுப்பால் தொடுகிறது. சிலவற்றுக்குச் சில நிமிடம், சிலவற்றுக்குச் சில மணி நேரம் இப்படியே போகிறது. கடைசியில் அந்த விரல்களுக்கு நடுவே புரள்கிறது, ஒன்றும் ஆவதில்லை. இந்தச் செயல் முழுவதற்கும் மூலத்தில் ஒரே சொல். 'தடுப்பாற்றல் பெறுதல்' என்று எழுதிவைத்திருக்கிறேன். மனம் ஒப்பவில்லை.

புலவர் இளங்கோவன், செவ்வாய் காலை

மகளே, முதலில் 'சாமந்தி'யைச் சரிசெய்வோம். அதன் ஆங்கிலப் பெயரான அனிமோனே நம் அனிச்சப் பூவின் பெயர்த் திரிபாக இருக்கலாம் என்று நாற்பது ஆண்டாகச் சொல்லிவருகிறேன். இரண்டும் மெல்லியவை, சட்டென்று சுருங்குபவை. 'கடலனிச்சம்' என்று வைத்தால் சொல்லும் நம்முடையது, இயல்பும் பொருந்தும்.

செல்வி, செவ்வாய் மதியம்

ஐயா, அனிமோன் கிரேக்கச் சொல். காற்றைக் குறிக்கும் 'அனெமோஸ்' அதன் வேர். அனிச்சம் முகர்ந்தால் வாடும், இது தொட்டவரை வாட்டும். மங்கை கேட்டதும் பூவின் பெயர் இல்லை.

மங்கை, 'தடுப்பாற்றல்' வேண்டாம். நஞ்சு உடம்பில் ஏறியும் தாங்குவதைத்தான் அந்தச் சொல் குறிக்கும். இங்கே பெரும்பாலும் நஞ்சு ஏறுவதே இல்லை. சாமந்தியின் விரல் முழுக்கக் கொட்டும் செல்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சிறு பை, பைக்குள் சுருட்டி வைத்த நூல். ஏதாவது இடித்தால் மட்டும் நூல் பாய்ந்துவிடாது. இடித்தது இரைதான் என்று வேதிச் செய்தியும் வர வேண்டும். மீன் தோலின் வழவழப்பில் இருக்கும் சியாலிக் அமிலம் போன்ற சர்க்கரைகள் அந்தச் செய்தியைத் தருகின்றன. கோமாளி மீனின் வழவழப்பில் அது மிகக் குறைவு. ஒகினாவாவில் இருந்து 2025இல் வந்த ஆய்வு இதை நன்றாகக் காட்டியது. மூளையிலும் குடலிலும் அமிலம் வழக்கம்போல இருக்கிறது, தோல் மேல் மட்டும் குறைவு. முட்டையிலிருந்து வந்த குஞ்சுக்கு அந்தக் குறைவு இல்லை, அதைச் சாமந்தி கொட்டும். வெள்ளைப் பட்டை தோன்றி உருமாறும் பருவத்தில்தான் அளவு இறங்குகிறது.

மீன் எதையும் எதிர்ப்பதில்லை. சாமந்தியின் கணக்கில் அது இரையாகவே படுவதில்லை. சொல் அந்தப் பக்கமிருந்து வர வேண்டும்.

மங்கை, செவ்வாய் மாலை

அப்படியானால் 'கொட்டுவிலக்கு'? வரிவிலக்கு மாதிரி.

ராசு, செவ்வாய் இரவு

விலக்கு எல்லாருக்கும் கிடைக்காது. ரெண்டு வருசம் முன்னாடி ஒரு ஜோடி ஒசெல்லாரிஸ் இனக் கோமாளி மீன் வாங்கினேன், பண்ணையில் பொரித்தது. கூடவே ஒரு கம்பளச் சாமந்தி. 'எந்த ஜோடியும் சேரும்' என்று கடையில் சொன்னார்கள். மறுநாள் காலையில் சின்ன மீன் வால்பக்கம் ஒட்டிக்கொண்டு துடித்தது. கை விட்டு எடுப்பதற்குள் விரல்கள் உள்ளே சுருட்டிவிட்டன. சாயங்காலம் எலும்போடு துப்பியது. கோமாளி மீனுக்கும் கொட்டும்.

செல்வி, செவ்வாய் இரவு

ராசு, வருத்தமாக இருக்கிறது. உங்கள் சாமந்தி அநேகமாக ஸ்டிக்கோடாக்டைலா ஹட்டோனி என்ற இனம். இயற்கையில் ஒசெல்லாரிஸ் அதில் குடியிருப்பதில்லை. கோமாளி மீனில் ஏறக்குறைய முப்பது இனம், அவை தங்கும் சாமந்தி பத்து இனம்தான், அதிலும் எல்லாம் எல்லாவற்றோடும் சேராது. பொரிப்பகத்து மீன் பிறந்ததிலிருந்து சாமந்தியைப் பார்த்ததும் இல்லை. விட்ட முதல் மணி நேரம் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். தொட்டு விலகும் மீன் தப்பும். தொட்ட இடத்திலேயே ஒட்டிக்கொண்டால் உடனே பிரிக்க வேண்டும்.

இதனால்தான் 'விலக்கு' எனக்கு இடிக்கிறது. அது ஒருமுறை தந்தால் தந்ததுதான் என்று தோன்றும். பழகிய மீனையே சில நாள் பிரித்து வைத்து மறுபடி விட்டால், பல நேரம் முதலிலிருந்து தொட்டுத் தொட்டுத் தொடங்குகிறது.

புலவர் இளங்கோவன், புதன் காலை

'விலக்கு' என்றால் பிள்ளைகளுக்கு மதுவிலக்குதான் நினைவு வரும். வரிவிலக்கில் வரியிலிருந்து விடுதலை, மதுவிலக்கில் மதுவுக்கே தடை. ஒரே ஈற்றுக்கு இரண்டு பொருள். 'கொட்டுக்காப்பு' என்று வையுங்கள். ஆனால் ககர ஒற்று கட்டாயம். கொட்டிலிருந்து காப்பு என்று வேற்றுமைத்தொகையாகக் கொண்டால் வல்லினம் மிகும். ஒற்றை விட்டு 'கொட்டுகாப்பு' என்றால் ஊறுகாய், சுடுகாடு போல வினைத்தொகையாகி, கொட்டுகிற காப்பு என்று நேர்மாறாகிவிடும்.

மங்கை, புதன் மதியம்

ஐயா, குரல் கொடுப்பவர் அந்த ஒற்றை எப்படிப் படித்தாலும் காதில் ஒன்றுதான். காப்பு கிடைத்த நிலைக்கு அது சரி. கிடைக்கும் வரை நடப்பதற்கு?

புலவர் இளங்கோவன், புதன் மாலை

தோய்வு. விண்தோய் மலை என்கிறோம், தொடுதல் அதில் இருக்கிறது. பாலில் துளி மோரைத் தோய்த்தால் பால் தானே தன்மை மாறுகிறது. தொடுவதும் மாறுவதும் ஒரே சொல்லில்.

சிவா, யாழ்ப்பாணம், புதன் இரவு

ஐயா, சொல் வடிவானது. ஆனால் எங்கட பிள்ளையளுக்குத் தோயிறது எண்டால் குளிக்கிறது, தோய்க்கிறது எண்டால் உடுப்புக் கழுவுறது. மீன் சாமந்திக்குள்ள குளிச்சிட்டு வருது எண்டுதான் விளங்கும்.

செல்வி, வியாழன் காலை

சிவா சொன்ன குளியல்தான் எனக்கும் தடை. சாமந்தியின் கொழகொழப்பைத் தன் மேல் பூசிக்கொண்டு மீன் மறைகிறது என்று ஒரு பழைய விளக்கம் உண்டு. 'தோய்வு' அந்தக் கட்சியில் சேர்ந்துவிடும். 1984இல் புரூக்ஸ், மாரிஸ்கல் இருவரும் ரப்பர் பட்டைகளால் பொய்ச் சாமந்தி செய்து மீன்களைப் பழக்கினார்கள். அதில் பழகிய மீன்கள் உண்மைச் சாமந்தியிடம் விரைவாக ஒத்துப்போயின. ரப்பரில் பூசிக்கொள்ள என்ன இருக்கிறது? மீன் தன் பங்குக்கு எதையோ மாற்றுகிறது. அதற்காகப் பூச்சே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது, இனத்துக்கு இனம் வேறுபடுகிறது. அமிலம் ஏற்கெனவே குறைவாக இருக்கும் மீன் பிறகு ஏன் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறது என்பதற்கும் விடை முடியவில்லை. விடை தெரியாத இடத்தில் சொல் விடை சொல்லக் கூடாது. கண் பார்ப்பதை மட்டும் சொல்லட்டும்: 'தொட்டுப்பழகல்'.

ராசு, வியாழன் மதியம்

தொட்டுப்பழகல் சரி. நான் நின்று பார்த்திருக்க வேண்டியது அதைத்தான்.

சிவா, வியாழன் மாலை

எனக்கும் சம்மதம். இங்கயும் அப்பிடியே விளங்கும்.

புலவர் இளங்கோவன், வியாழன் இரவு

அது கலைச்சொல் இல்லை, பேச்சு வழக்கு. பெயரடை ஆக்கினால் 'தொட்டுப்பழகிய மீன்' என்று வாக்கியமாக நீள்கிறது. 'தோய்ந்த மீன்' என்பதன் செறிவு அதில் இல்லை. என் மறுப்பைப் பதிந்து வையுங்கள்.

மங்கை, வியாழன் நள்ளிரவு

உரை அனுப்பிவிட்டேன். 'கோமாளி மீன் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டுப் பழகுகிறது. அதன் வழவழப்பில் இரையின் அடையாளம் குறைவு. அதனால் சாமந்தியின் கொட்டும் செல்கள் அதன் மேல் பாய்வதில்லை.' சொற்பட்டியலில் தொட்டுப்பழகல், கொட்டுக்காப்பு இரண்டும் ஏறின, ஐயா சொன்ன ஒற்றோடு. தோய்வு அடைப்புக்குறிக்குள் இருக்கிறது.

புலவர் இளங்கோவன், வெள்ளி காலை

அடைப்புக்குறியை எடுத்துவிடலாமே.