கலைச்சொல் விவாதம்: நகலெடுத்தாலும் படிக்க முடிகிற வரைபட வண்ணத்தட்டு

அருள்மொழி:
அனைவருக்கும் வணக்கம். வரைபட மென்பொருள் சொற்பட்டியலில் ஒரு சொல்லில் நின்றுவிட்டோம். சிந்தியா புரூவர் உருவாக்கிய ColorBrewer தளத்தில் colorblind safe, photocopy safe என்று இரண்டு தேர்வுப் பெட்டிகள் இருக்கின்றன. இரண்டும் ‘யார் பார்த்தாலும் புரிய வேண்டும்’ என்பதைத்தானே சொல்கின்றன? இரண்டுக்கும் சேர்த்துப் ‘பொதுப்பார்வைத் தட்டு’ என்று வைத்துவிடலாமா?

செல்வராசு:
அம்மா, சேர்க்கவே கூடாது. சேர்த்தால் படம் வரைபவர் ஏமாந்துபோவார்.

மாவட்ட வாரியாக வடகிழக்குப் பருவமழை இயல்பிலிருந்து எவ்வளவு விலகியது என்ற படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வானிலைத் துறைக் கணக்கில் 19 விழுக்காடு வரை கூடினாலும் குறைந்தாலும் அது இயல்பு. அதைத் தாண்டினால் குறைவு, மிகக் குறைவு; அந்தப் பக்கம் அதிகம், மிக அதிகம். ஆக ஐந்து வகுப்பு. இதற்குச் சிவப்பிலிருந்து நீலத்துக்குப் போகும் RdBu தட்டைப் போட்டால் குறைவு வெளிர்சிவப்பு (`#f4a582`), அதிகம் வெளிர்நீலம் (`#92c5de`). சிவப்பு–பச்சை வேறுபாடு தெரியாதவருக்கும் இவை தனித்தனியாகத் தெரியும். முதல் பெட்டியில் இந்தத் தட்டு தேறிவிடும்.

இப்போது கறுப்பு வெள்ளையில் அச்சிடுங்கள். சாம்பல் அளவு ஏறக்குறைய இப்படி வரும்:

```
0.299*R + 0.587*G + 0.114*B
#f4a582 -> 185
#92c5de -> 185
```

இரண்டும் ஒரே சாம்பல். மழை 30 விழுக்காடு குறைந்த மாவட்டமும் 30 விழுக்காடு கூடிய மாவட்டமும் தாளில் ஒன்றுபோலவே இருக்கும். தட்டு கெட்டதால் இப்படி ஆகவில்லை. நடுவிலிருந்து இருபுறமும் ஒரே சீராகக் கருமை ஏற வேண்டும் என்றுதான் இருதிசைத் தட்டை அமைக்கிறார்கள். அந்தச் சீர்மையே நகலில் காலை வாருகிறது.

கார்த்திக்:
அப்படியானால் viridis என்ற தட்டைப் போட்டால் தீர்ந்ததே! கரும் ஊதாவில் தொடங்கி மஞ்சளில் முடிகிறது. வெளிர்மை ஒரே போக்கில் ஏறுகிறது. நிறம் தெரியாதவருக்கும் சரி, நகலுக்கும் சரி. பைத்தானில் படம் வரையும் matplotlib நிரலகம் பழைய jet தட்டை விட்டு இதற்கு மாறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

செல்வராசு:
தம்பி, மழையளவுப் படத்துக்கு நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. YlGnBu தட்டின் ஐந்து நிறங்களும்கூடச் சாம்பலில் 249, 197, 149, 109, 58 என்று படிப்படியாக இறங்கும். ஆனால் விலகல் படத்தில் ‘இயல்பு’ நடுவில் நின்று கண்ணில் பட வேண்டும். ஒருதிசைத் தட்டில் அது ஏதோ ஓர் இடைப்பச்சையாகக் கரைந்துவிடும். வறட்சி எந்தப் பக்கம், வெள்ளம் எந்தப் பக்கம் என்று ஒவ்வொரு முறையும் குறிவிளக்கத்தைப் பார்க்க வேண்டிவரும்.

RdBu-வையே வைத்துக்கொண்டு, குறைவுப் பக்கத்து இரு வகுப்புகளுக்கு மட்டும் மேலே மெல்லிய சாய்கோடு போடுங்கள். QGIS வரைபட மென்பொருளில் Line Pattern Fill போதும். கோடு தடித்தால் அதுவே சாம்பலைக் கருக்கிவிடும். இடைவெளி நெருங்கினால் நகலில் அடைத்துக்கொள்ளும். பிறகு View மெனுவில் Preview Mode போய்ச் சாம்பல் காட்சியில் பாருங்கள். அத்துடன் நிற்காமல், அலுவலக நகலெடுப்பானில் ஒரு தாளையும் ஓட்டிப் பாருங்கள். திரையில் தேறுவது அங்கே தேறாமல் போவதுண்டு.

இப்ராகிம்:
எனக்குச் சிவப்பு–பச்சை பிரித்தறிய வராது. புவியியல் ஆசிரியர். நீலமும் சிவப்பும் எனக்குத் தொல்லையில்லை. தொல்லை குறிவிளக்கப் பெட்டியில்தான். பெரிய மாவட்டத்தில் தெரிகிற நிறம், சுண்டுவிரல் நகமளவு கட்டத்தில் தெரிவதில்லை; படத்துக்கும் கட்டத்துக்கும் கண் அலைவதற்குள் மறந்தும் போகிறது. மாவட்டத்தின் மேலேயே −30, +30 என்று எழுதிவிட்டால் எனக்குத் தட்டே வேண்டாம். அரைப்பக்கப் படத்தில் சென்னைக்குள் இரண்டு சாய்கோடு விழுந்தாலே பெரிது. அங்கேயும் எண்தான் கைகொடுக்கும், கடல் பக்கம் ஒரு கோடு இழுத்து எழுதலாம்.

இன்னொன்று. ‘நிறக்குருடு’ என்ற சொல் வேண்டாமே. நான் நிறம் பார்க்கிறேன். சில நிறங்கள் ஒன்றோடொன்று மயங்குகின்றன, அவ்வளவுதான். ‘நிறமயக்கம்’ என்று சொல்லலாம்.

அருள்மொழி:
இரண்டு சொல் வேண்டும் என்பது விளங்கிவிட்டது. ‘வறட்சி தாங்கும் நெல்’ என்கிறோமே, அதே வழியில் photocopy safe என்பதற்கு ‘நகல் தாங்கும் தட்டு’ என்று பட்டியலில் இடுகிறேன். மற்றதற்கு ‘நிறம் மயங்காத் தட்டு’?

கார்த்திக்:
‘நகல் தாங்கும்’ அருமை. ‘மயக்கம்’ என்றால் தலைசுற்றல்தான் முதலில் நினைவுக்கு வருகிறது.

செல்வராசு:
இலக்கணத்தில் மெய்ம்மயக்கம் படித்தவருக்கு வராது. ஆனாலும் ‘நிறம் மயங்காத்’ தட்டு என்பதில் எனக்கும் ஒரு தயக்கம்: யாருக்கு மயங்காது? மூவகைக் குறைபாட்டுக்கும் தாங்கும் என்று பொருள் கொண்டுவிடுவார்கள். நீலம்–மஞ்சள் குழம்புகிறவர்கள் மிகக் குறைவு என்பதற்காக அவர்களை விட்டுவிட முடியாது.

அருள்மொழி:
அப்படியானால் ‘நகல் தாங்கும் தட்டு’ என்பதை மட்டும் இன்று ஏற்றிவிடுகிறேன். இப்ராகிம் ஐயா, சாய்கோடு போட்ட படத்தையும் எண் எழுதிய படத்தையும் இணைத்து அனுப்புகிறேன். நகலெடுத்து உங்கள் வகுப்பில் கொடுத்துப் பார்க்க முடியுமா?