வண்ணத்துப்பூச்சி நீச்சலில் கைகள் ஏன் தண்ணீரை உரசுகின்றன?

பயிற்றுநர், தோ பாயோ:
என்னிடம் கற்கும் ஒருவர் ஃப்ரீஸ்டைலில் ஒரு கிலோமீட்டரை நிற்காமல் நீந்தக்கூடியவர். ஆனால் வண்ணத்துப்பூச்சி நீச்சலில் மூன்றாவது வீச்சிலேயே அவருடைய கைகள் தண்ணீரை உரசத் தொடங்கிவிடும். தோளில் வலுவில்லை என்பது அவர் எண்ணம். பக்கவாட்டிலிருந்து பார்த்தபோதுதான், மூச்சுக்காகத் தூக்கிய தலை, கைகள் முன்னால் வந்து விழுந்த பிறகே தண்ணீருக்குள் இறங்குவது தெரிந்தது. தலை மேலே நிற்கும்வரை இடுப்பு தாழ்ந்தே கிடக்கும் என்பதால், தோள் எவ்வளவு வலுவானதாக இருந்தாலும் கைகள் தண்ணீருக்கு மேலே சுழல இடமிருக்காது.

ஆகவே கைகளை மறக்கச் சொன்னேன். அவற்றைத் தொடையோடு ஒட்டிவைத்து, மிதவைப் பலகை இல்லாமல், நெஞ்சை மட்டும் தண்ணீருக்குள் அழுத்தி விடுவித்தபடி குளத்தின் பாதி நீளம் சென்றார். நெஞ்சு இறங்கும்போது இடுப்பு மேலெழ வேண்டும். அந்த அலையின் கடைசிப் பகுதியாகவே உதை வர வேண்டும். முழங்காலிலிருந்து உதைத்தால் இடுப்பு அசையாது, பாதங்கள் மட்டும் தண்ணீரை அறையும். அந்தச் சத்தத்தைக் கரையிலிருந்தே கேட்கலாம். நெஞ்சை மிக ஆழமாக அழுத்துவதும் தவறுதான், ஏனெனில் மேலே வருவதிலேயே வேகம் போய்விடும்.

உறுப்பினர், பிடோக்:
கால் வலு போதாததுதான் காரணம் என்பது என் கருத்து. இரண்டாவது உதையைப் பலமாக்கியதும் எனக்குக் கைகள் எளிதாக வெளியே வந்தன.

பயிற்றுநர், தோ பாயோ:
இரண்டாவது உதை என்பது சரி, ஐயா. பலத்தைவிட நேரம்தான் முக்கியம். கைகள் நீரில் நுழையும்போது ஓர் உதை, தொடையருகே வெளியேறும்போது இன்னோர் உதை. வெளியேறிய கைகளை உயரத் தூக்காமல், தளர்வாக, கட்டைவிரல் கீழ்நோக்க, நீர்மட்டத்தையொட்டி வீச வேண்டும். அவை தோளைக் கடப்பதற்குள் முகம் இறங்கத் தொடங்கிவிட வேண்டும். வலக்கையால் மூன்று, இடக்கையால் மூன்று, இரு கைகளாலும் மூன்று வீச்சுகள் என்று பழக்கியபோது அவருக்கு இது பிடிபட்டது. நான்காவது முழு வீச்சில் தலை மறுபடியும் தாமதித்ததால், அப்போதைக்கு மூன்றோடு நிறுத்திக்கொண்டோம்.

உறுப்பினர், ஈசூன்:
என் மகளுக்கு ஆறு வயது, மிதக்கவே பயப்படுகிறாள். இந்த அலைப் பயிற்சியிலிருந்து தொடங்கலாமா?

பயிற்றுநர், தோ பாயோ:
வேண்டாம், அம்மா. முதலில் மிதக்கவும் நீருக்குள் மூச்சு விடவும் பழகட்டும். இது நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கானது.

உறுப்பினர், ஜூரோங்:
ஒற்றைக் கைப் பயிற்சியில் மற்றக் கையை முன்னால் நீட்டினால் என் உடல் ஃப்ரீஸ்டைலைப் போல் உருண்டுவிடுகிறது, அலையே வருவதில்லை. பக்கவாட்டில் வைத்தால் அலை வருகிறது, ஆனால் மூச்சுக்குத் தவிக்கிறேன்.

பயிற்றுநர், தோ பாயோ:
இதில் பயிற்றுநர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. நான் முதலில் முன்னால் நீட்டவைத்து, பக்கவாட்டில் மூச்செடுக்கச் சொல்கிறேன்; உருளல் நிற்காவிட்டால் கையைத் தொடைக்கு மாற்றி, வீச்சுகளைக் குறைக்கிறேன். தோளின் முன்பக்கம் குத்தினால் மட்டும், எந்த முறையானாலும் அன்று கை வீச்சை விட்டுவிட்டு அலைப் பயிற்சியோடு முடித்துக்கொள்ளுங்கள்.