புதன்கிழமைக்கு விழுந்த பென்சில் வட்டம்: முழுநேர வேலையை இரண்டு பேராகக் கேட்ட அனுபவங்கள்

பம்பலப்பிட்டி மழை
விளம்பரத்தில முழுநேரம் என்றுதான் இருந்தது. அக்கவுண்ட்ஸ் எக்ஸெக்யூட்டிவ், கொள்ளுப்பிட்டி பக்கம். நானும் இன்னொரு அக்காவும் சேர்ந்து, ஒரு இடத்தை ரெண்டு பேரா செய்யிறோம் என்று எழுதிக் குடுத்தோம். திங்கள், செவ்வாய், புதன் நான். புதன், வியாழன், வெள்ளி அவ. முகாமையாளர் தாளை ஒருக்காப் பார்த்தார். பென்சிலை எடுத்து புதனில ஒரு வட்டம் போட்டு, "அன்றைக்கு ரெண்டு பேருக்கும் சம்பளம். வேலையும் ரெண்டு பங்கு இருக்கா?" என்று கேட்டார். ரெண்டு பேரும் ஆளையாள் பார்த்தோம். அவ்வளவுதான். அந்த வட்டம் இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது.

சம்பளமேசை
அந்த வட்டத்தின்ட விலை 20 வீதம். ஆளுக்கு மூன்று நாள் என்றால் ஆறு நாள் சம்பளம், வேலை ஐந்து நாளுக்கு.

பதவிக்கு 200,000 ரூபா என்று வையுங்க. முதலாளி பக்கத்து ஈபிஎஃப் 12 வீதம், ஈடிஎஃப் 3 வீதம். ஒருவரை முழுநேரம் வைத்தால் மாதம் 230,000 போகும். உங்கட தாளின்படி 276,000. 46,000 கூடுதலாக் கேட்டிருக்கிறீங்க, அது தெரியாமலே.

புதனை முழுசா எடுக்காதீங்க, பிரியுங்க. எட்டரைக்குத் தொடங்கி ஐந்துக்கு முடியிற, அரை மணித்தியாலம் சாப்பாட்டு இடைவேளை உள்ள ஒபிஸ் என்றால், நீங்க புதன் எட்டரையிலிருந்து ஒரு மணி வரைக்கும். அவ பன்னிரண்டுக்கு வந்து, இடையில சாப்பிட்டு, ஐந்து வரைக்கும். ஆளுக்கு கிழமைக்கு இருபதரை மணித்தியாலம், சேர்த்து 41. பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை மட்டும் ரெண்டு பேரும் ஒரே மேசையில. இப்ப மொத்தச் செலவு 235,750. கூடுதல் 5,750 ரூபாதான். "வேலை ரெண்டு பங்கு இருக்கா?" என்றதுக்கு, "இல்லை சேர், ஒரு மணித்தியாலம் வேலையை ஆளுக்காள் ஒப்படைக்கிறது மட்டும்" என்று சொல்லலாம்.

ஈபிஎஃப், ஈடிஎஃப் ரெண்டும் வீதத்தில போறபடியால் ஆள் ரெண்டானாலும் அது கூடாது. கூடுறது தலைக்கு ஒன்று என்று போறவை: மருத்துவக் காப்புறுதி, லெப்டொப், போன் அலவன்ஸ். லெப்டொப்பைப் பொதுவில ஒன்று என்று எழுதுங்க, ஆனா லொகின் தனித்தனி. கணக்கு வேலையில யார் எந்த என்ட்ரியைப் போட்டது என்று தெரியாட்டி ஒடிட்டர் விடமாட்டார். காப்புறுதியில முதலே என்ன கேக்கிறீங்க என்று முடிவெடுத்துப் போங்க, அங்க போய் யோசிக்கக் கூடாது.

கொட்டாஞ்சேனை சுரேன்
இவ்வளவு கணக்கு எதுக்கு? பார்ட் டைம் ஆக்களுக்கு ஈபிஎஃப் கட்டத் தேவையில்லை. அதைச் சொன்னா அந்த 15 வீதமும் மிச்சம், உடனே தலையாட்டுவாங்க. சம்பளத்தை மணித்தியாலத்தால பிரிச்சுக் குடுக்கச் சொல்லுறது மட்டும் சரி.

சம்பளமேசை
பிந்தினது சரி, முந்தினது பிழை. ஈபிஎஃப் வேலை தொடங்கின முதல் நாளிலிருந்து. முழுநேரமா பகுதிநேரமா என்று அது பார்க்காது. கட்டாமல் விட்டால் மிகைக்கட்டணம் 5 வீதத்தில தொடங்கி, இழுக்க இழுக்க 50 வீதம் வரைக்கும் போகும். இதை ஒரு எச்ஆர் ஆளிட்ட சொன்னா, உங்களுக்கு விஷயம் தெரியாது என்றுதான் நினைப்பார். பிறகு புதன்கிழமைக் கணக்கையும் நம்பமாட்டார்.

தெஹிவளை தாரா
வீட்டிலிருந்து ரெண்டு நாள் வேலை கேக்கிறதும் இதே மாதிரியா? எங்கட இடத்தில வைஃபை சரியில்லை என்று மறுத்திட்டாங்க.

பம்பலப்பிட்டி மழை
அது இடம் மாத்திறது தங்கச்சி, இது நேரம் குறைக்கிறது. அங்க சம்பளம் குறையாது.

பே ரோல் பாமா
எல்லாரும் கிழமையையே பிடிச்சுக்கொண்டு நிக்கிறீங்க. கணக்கு வேலை கிழமையில ஓடாது, திகதியில ஓடும். வருமானவரி வெட்டினதை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள்ள அனுப்ப வேணும். ஈபிஎஃப், ஈடிஎஃப் அடுத்த மாதக் கடைசி வேலைநாளுக்குள்ள. தனியா ஒருத்தர் கிழமைக்கு மூன்று நாள் கேட்டா முதல் கேள்வியே, "15 உங்கட லீவு நாளில வந்தா?" என்றுதான்.

அதால தனியாக் கேக்கிறவ, கிழமைக்கு மூன்று நாள் என்று கேக்காமல் மாதத்துக்கு பதின்மூன்று நாள் என்று கேக்கலாம். அதில 10இலிருந்து 15 வரையும், மாதக் கடைசி நாலைந்து வேலைநாளும் கட்டாயம். மிச்சத்தை மாதத் தொடக்கத்தில ரெண்டு பக்கமும் பேசி முடிவு பண்ணுறது. போன வருஷத்துக் கலண்டர் ஒன்றை எடுத்து, பன்னிரண்டு மாதத்துக்கும் எந்தெந்த நாள் வந்திருப்பேன் என்று பேனையால அடிச்சுக் கொண்டு போங்க. வாயால சொன்னா ஆயிரம் "அப்படி என்றால்" வரும், கலண்டரைக் காட்டினா நாலோ ஐந்தோதான் வரும்.

எப்ப சொல்லுறது என்றதில எனக்கு ஒரே பிடிவாதம்: விண்ணப்பக் கடிதத்திலயே ஒரு வரி. கடைசியில சொன்னா ஏமாத்தினது மாதிரி இருக்கும்.

சம்பளமேசை
பாமா, அங்க ஒத்துப்போகமாட்டேன். ரெண்டு பேரா வந்தா ஆரம்பத்திலயே சொல்லத்தான் வேணும், வேற வழியில்லை. தனியாள் என்றால் முதல் இன்டர்வியூ முடிஞ்சு, சம்பளம் பேசுறதுக்கு முன்னால. கடிதத்தில எழுதினா ஆளைப் பார்க்காமலே ஒதுக்கிடுவாங்க. ஒஃபர் லெட்டர் கையில வந்தபிறகு என்றால் மட்டும் நீங்க சொல்லுறது சரி.

பே ரோல் பாமா
முதல் இன்டர்வியூக்கு அவங்க அரை நாள் செலவழிச்சிருப்பாங்க. நான் மாறமாட்டேன்.

வத்தளை ரேணுகா
என்ட கேஸ் வேற. புது வேலை இல்லை, ஒன்பது வருஷமா இருக்கிற இடம். இப்ப பாதிநேரம் கேக்கப் போறேன். இதே கணக்கா?

சம்பளமேசை
இல்லை அக்கா, உங்களுக்குப் பெரிய குழி பணிக்கொடையில இருக்கு. உங்கட இடத்தில பதினைந்து பேரோ அதுக்கு மேலயோ இருந்தா, ஐந்து வருஷம் தாண்டினபடியால் உங்களுக்கு உரித்து இருக்கு: வருஷத்துக்கு அரை மாதச் சம்பளம். ஆனா கணக்குப் பார்க்கிறது கடைசியா எடுத்த சம்பளத்தில. 200,000 எடுக்கேக்க விலகினா ஒன்பது வருஷத்துக்கு 900,000. பாதிநேரமாகி 100,000 எடுக்கேக்க விலகினா, முழுநேரமா உழைச்ச அந்த ஒன்பது வருஷமும் 450,000ஆகச் சுருங்கும். மாறுற கடிதத்திலயே, இந்தத் திகதி வரையான சேவைக்குப் பழைய சம்பளத்தில கணக்கு என்று ஒரு வரி கேளுங்க. கையெழுத்துப் போட்டபிறகு கேட்டா கிடைக்காது.

பம்பலப்பிட்டி மழை
நன்றி அண்ணே. மற்றக் கேள்வியையும் சொல்லிடுறேன், அதுக்கும் அன்றைக்குப் பதில் இல்லை: "ஒருத்தர் விலகினா மற்றவரை வைச்சு நான் என்ன செய்யிறது?"

சம்பளமேசை
அவங்கட உண்மையான பயம் அதுதான், காசு இல்லை. தாளிலயே எழுதுங்க: ஒருவர் விலகினால் மற்றவருக்கு முழுநேரமாக மாற முதல் உரிமை, இரண்டு கிழமைக்குள்ள பதில். வேண்டாம் என்றால் ஆறு கிழமை வரைக்கும் கிழமைக்கு நாலு நாள் வருவேன், அதுக்குள்ள பாதிப் பங்குக்கு ஆள் தேடலாம். அதுக்கும் ஆள் கிடைக்காட்டி, பதவி முழுநேரமாகத் திரும்பும், நான் நோட்டீஸ் காலத்தோட விலகுவேன். கடைசி வரி எழுதக் கை நடுங்கும். ஆனா அது இல்லாட்டி அவர் கையெழுத்துப் போடமாட்டார்.

பே ரோல் பாமா
ஆறு கிழமையும் கிழமைக்கு நாலு நாள் என்று வாக்குக் குடுக்க முதல் வீட்டில கேட்டுப் பாருங்க. பிள்ளைக்காகப் பாதிநேரம் கேக்கிறவ அதைக் காப்பாத்த ஏலாது. மூன்று நாள் என்று எழுதுறது நல்லம்.

கொட்டாஞ்சேனை சுரேன்
சரி, ஈபிஎஃப்பை விட்டிட்டேன். புதன்கிழமை போயா வந்தா உங்கட அந்த ஒரு மணித்தியாலம் எங்க?

சம்பளமேசை
நல்ல கேள்வி. போயா ஒரே கிழமையில நிக்காது, சில வருஷத்தில ரெண்டு மூன்று தரம்கூட புதனில விழலாம். அந்தக் கிழமை வேலை ஒப்படைக்கிறது செவ்வாய் பின்னேரம் நாலு மணிக்கு, அவ அதுக்காக ஒரு மணித்தியாலம் வந்திட்டுப் போவா என்று எழுதிடலாம். லீவு யார்ட கணக்கில என்றால், புதன் ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி, பிரச்சினை இல்லை. திங்கள் செவ்வாயில மூன்று போயா, வியாழன் வெள்ளியில ஒன்று என்று வாற வருஷத்திலதான் ரெண்டு பேருக்கும் இடையில மனஸ்தாபம் வரும்.

பம்பலப்பிட்டி மழை
அதை ரெண்டு பேரும் இப்பவே பேசிட்டோம், மணித்தியாலத்தில சமன் பண்ணுறதென்று. அக்கா சம்மதம். காப்புறுதிக்கு மட்டும் இன்னும் முடிவில்லை. அவவுக்கு கணவர்ட ஒபிஸில இருக்கு, எனக்கு இல்லை.

தெஹிவளை தாரா
அப்ப அவ விட்டுக்குடுக்கலாமே?

பம்பலப்பிட்டி மழை
அதை நான் எப்படி அவவிட்ட கேக்கிறது?