டெவலப்பர் ஒப்ஷன் திறந்து கிடக்கிற போன்: உங்கட அனுபவத்தையும் சொல்லுங்க

களுவாஞ்சிகுடி ரிப்பேர்:
போன கிழமை ஒரு அம்மா கடைக்கு வந்தா. மகன் கட்டாரில இருந்து காசு போடுறவர், வங்கி ஆப் திறக்குதில்லையாம். "போன் ஸ்லோ" எண்டு தெரிஞ்ச பொடியன் ஒருத்தனிட்டக் குடுத்து, ஆப் எழுதுற ஆக்களுக்கெண்டு போன்ல ஒளிச்சு வைச்சிருக்கிற டெவலப்பர் ஒப்ஷனைத் திறந்து ஸ்பீட் பண்ணின போன். ஆப்பைத் தொட்டா, கொம்பியூட்டரால போனுக்குக் கட்டளை குடுக்க விடுற யூஎஸ்பி டிபக்கிங்கை நிப்பாட்டச் சொல்லி ஒரு அறிவித்தல் வந்து தானா மூடுது. எல்லா வங்கி ஆப்பும் இப்பிடிச் செய்யாது, சிலது செய்யும். நிப்பாட்டினன், திறந்திச்சு.

பிரச்சினை அதோட முடியல்ல. ஓடிபி கேக்கிற இடத்தில எஸ்எம்எஸ்ஸைப் பார்த்திட்டுத் திரும்பினா, ஆப் திரும்ப முதல்ல இருந்து பாஸ்வேர்ட் கேக்குது. வைரஸ், சொப்ட்வெயர் அடிக்கணும் எண்டு அவக்கு வேற எங்கயோ சொல்லியிருக்காங்க. டெவலப்பர் ஒப்ஷன்ல கீழ இறங்கிப் பார்த்தா Don't keep activities ஓன்ல கிடக்கு. அது ஓன் எண்டா, ஒரு பக்கத்தை விட்டு வெளிய வந்த கையோட போன் அதை அழிச்சிடும். போன்ல மெமரி முட்டி, விட்டுவந்த பக்கம் அழிஞ்சாலும் ஆப் தாங்குமா எண்டு ஆப் எழுதுற ஆக்கள் சோதிக்கிறதுக்கு வைச்ச சுவிட்ச். ஓடிபி பார்க்கப் போற மனிசருக்கு இல்ல.

திரையில ஓடுற அசைவுகள்ட வேகத்தை மாத்துற மூண்டு அனிமேஷன் ஸ்கேலும் Off. அதால லோடிங் வட்டம் சுத்தாம அப்படியே நிக்கும். தொங்கிட்டு எண்டு நினைச்சு அவ மூடி மூடித் திறந்திருக்கா. மூண்டையும் 1x-க்கு கொண்டுவந்தன், எல்லாம் சரி. சொப்ட்வெயர் அடிச்சிருந்தா பேரப்பிள்ளைட படமெல்லாம் போயிருக்கும்.

அக்கரைப்பற்று கெம்பஸ் பொடியன்:
அண்ணே, நான் 0.5x-ல வைச்சிருக்கன். போன் உண்மையாவே ரெண்டு மடங்கு வேகம், சார்ஜும் நிக்குது. Build number-ஐ ஏழு தரம் தட்டினா வந்திடும், எல்லாரும் செய்யுங்க!

களுவாஞ்சிகுடி ரிப்பேர்:
தம்பி, பாதி சரி. கதவு திறக்கிற படம் அரைவாசி நேரத்தில ஓடி முடியுது, அவ்வளவுதான். உள்ள ஆப் லோட் ஆகிறதுக்கு எடுக்கிற நேரம் குறையாது. பழைய போன்ல கையோட வாற மாதிரித் தெரியும், அது நல்லம்தான், 0.5x ஆபத்தில்ல. சார்ஜ் கதை எனக்குப் பிடிபடல்ல. அனிமேஷனே வேணாம் எண்டா டெவலப்பர் ஒப்ஷன் தேவையில்ல, Accessibility-ல Remove animations எண்டு கிடக்கு. வட்டம் நிக்கிற கரைச்சல் அதிலயும் வரும்.

காத்தான்குடி உம்மா:
என்ட போன்லயும் இதே பிரச்சினைதான். லெப்டொப்புக்கு கல்யாணப் படம் ஏத்த ஏலாது, வயர் போட்டா சார்ஜ் மட்டும் ஏறுது. யூஎஸ்பி டிபக்கிங் போடணும் எண்டு மருமகன் சொல்றார். எங்க இரிக்கி அது?

களுவாஞ்சிகுடி ரிப்பேர்:
அது வேற விசயம் லாத்தா, டிபக்கிங்கைத் தொடாதீங்க. வயரைக் குத்தி, போனை அன்லொக் பண்ணி, மேல இருந்து இழுத்தா யூஎஸ்பி பற்றி ஒரு நோட்டிபிகேஷன் நிக்கும். அதைத் தட்டி File transfer எண்டதைத் தெரிவு செய்யுங்க. அந்த நோட்டிபிகேஷனே வரல்லண்டா வயரை மாத்திப் பாருங்க, சில வயர்ல சார்ஜுக்குரிய கம்பி மட்டும்தான்.

வாழைச்சேனை:
நான் ஒத்துக்கொள்ள மாட்டன். என்ட போன் விழுந்து டிஸ்பிளே கறுப்பு. டிபக்கிங் ஓன்ல இருந்தபடியா scrcpy போட்டு கொம்பியூட்டர்ல போன் திரையைப் பார்த்து, பின் நம்பர் அடிச்சு, படமெல்லாம் எடுத்தன். நீங்க சொன்னபடி நிப்பாட்டி வைச்சிருந்தா எல்லாம் போயிருக்கும்.

களுவாஞ்சிகுடி ரிப்பேர்:
அது உங்கட கொம்பியூட்டருக்கு முன்னமே அனுமதி குடுத்து, அடிக்கடி குத்திப் பாவிச்சதால. புதுக் கொம்பியூட்டர் எண்டா போன் திரையில அனுமதி கேக்கும், கறுப்புத் திரையில எங்க தட்டுறது? அண்ட்ராய்ட் 11-ல இருந்து, 7 நாள் தொடர்பில்லாம இருந்தா பழைய அனுமதியும் காலாவதியாகிடும். அனுமதி உள்ள கொம்பியூட்டரால ஆப் ஏத்தவும் கழட்டவும் ஏலும், படங்களை இழுக்கவும் ஏலும். அதால கடைக் கொம்பியூட்டருக்கு "எப்போதும் அனுமதி" குடுக்க வேணாம். குடுத்திட்டீங்க எண்டா Revoke USB debugging authorizations-ஐத் தட்டுங்க. டச் மட்டும் செத்து படம் தெரியுது எண்டா, ஓடிஜி வயர்ல ஒரு மவுஸ் போதும்.

வாழைச்சேனை:
நான் ஓன்லதான் வைப்பன், அண்ணே. என்ட வங்கி ஆப் ஒண்டும் சொல்லல்ல.

அக்கரைப்பற்று கெம்பஸ் பொடியன்:
இப்ப டெவலப்பர் ஒப்ஷனை மேல உள்ள சுவிட்ச்சால முழுசா நிப்பாட்டினன், 0.5x திரும்ப 1x ஆகிட்டு. கூட்டாளிட போன்ல அப்படியே நிக்குது எண்டு சொல்றான். வேற கொம்பனிப் போன். ஆருக்காவது தெரியுமா?