ஒன்றரை மணி நேர வகுப்பை 16 எம்பிக்குச் சுருக்கிய அனுபவம்

நீலவானம்: கணித வகுப்பின் காணொளி 1.2 ஜிபி இருந்தது. இணையம் மெதுவாக உள்ள மாணவர்களுக்கு அதை அனுப்ப வழியில்லை. பலகையைப் படங்களாகத் தனியே அனுப்பிவிட்டு, ஒலியை மட்டும் ஓபஸில் மோனோவாக, 24 கேபிபிஎஸ் வைத்துச் சுருக்கினேன். சுமார் 16 எம்பி வந்தது. பேச்சு தெளிவாகவே இருக்கிறது.

```
ffmpeg -i vaguppu.mp4 -vn -ac 1 -af "highpass=f=80" -c:a libopus -b:a 24k -application voip vaguppu.ogg
```

மேசை அதிர்வு, மின்விசிறியின் உறுமல் போன்றவற்றை `highpass` கழித்துவிடும். பேச்சு புரிவதற்கு அந்த அடித்தொனி தேவையில்லை, அதற்கு ஏன் பிட் செலவழிக்க வேண்டும்?

கரும்பலகை: இவ்வளவுகூட வேண்டாம். தொலைபேசியில் பேசினால் புரியவில்லையா என்ன? சாம்பிள் ரேட்டை 8000 ஹெர்ட்ஸ் ஆக்கி, 16 கேபிபிஎஸ் எம்பி3 போடுங்கள். என் வரலாற்று வகுப்புகள் எல்லாம் அப்படித்தான் போகின்றன. யாரும் குறை சொன்னதில்லை.

தூரத்து இடி: வரலாற்றுக்குச் சரி. அப்படிச் சுருக்கிய இயற்பியல் வகுப்பு ஒன்று எனக்கு வந்தது. ‘வேலை என்பது எஃப் பெருக்கல் எஸ்’ என்று ஆசிரியர் சொல்கிறார். இரண்டு எழுத்தும் ஒன்றுபோலவே கேட்டன. 8000 வைத்தால் 4000 ஹெர்ட்ஸுக்கு மேலே எதுவும் மிஞ்சாது, ‘ஸ்’ சீறலின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. வாக்கியத்தில் ஒரு சொல் மங்கினால் முன்பின் சொற்களை வைத்து ஊகித்துவிடலாம். தனி எழுத்துக்கு அந்தத் துணை கிடையாது.

இன்னொன்று, சுருக்கியவரே கேட்டுப் பார்ப்பது சோதனை ஆகாது. அவருக்குப் பாடம் தெரியும், விட்டுப்போனதைக் காது தானாக நிரப்பிக்கொள்ளும். சூத்திரங்கள் வரும் இரண்டு நிமிடத்தை மட்டும் வெட்டி, வகுப்புக்கு வராத ஒருவரிடம் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். சரியாக எழுதினால், அடுத்து 16 கேபிபிஎஸ்ஸில் முயலலாம். ரொம்பக் குறைத்தால் ஓபஸும் மேல் அதிர்வெண்களை வெட்டத் தொடங்கிவிடும்.

மழைத்துளி: நீலவானம் சொன்ன கட்டளையை ஓட்டினேன். குரலே போய்விட்டது! அறையின் எதிரொலி மட்டும் கேட்கிறது. 80 என்பது அதிகமோ?

தூரத்து இடி: அதனால் இல்லை. உங்கள் பதிவில் இடது, வலது சேனல்கள் ஒன்றுக்கொன்று தலைகீழாகப் பதிவாகியிருக்க வேண்டும். கூட்டி மோனோ ஆக்கும்போது குரல் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. `-ac 1` வேண்டாம், இடது சேனலை மட்டும் எடுங்கள்:

```
-af "pan=mono|c0=c0,highpass=f=80"
```

மழைத்துளி: குரல் வந்துவிட்டது, நன்றி. மூல ஒலியை ஹெட்போனில் கேட்டபோது குரல் தலைக்குள் எங்கோ மிதப்பதுபோல இருந்ததற்கும் இதுதான் காரணமா?

தூரத்து இடி: ஆமாம், அதுதான் அடையாளம்.

கரும்பலகை: சரி, எஃப், எஸ் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சுருக்குவதற்கு முன் இரைச்சல் நீக்கியை ஓட்டினால் 16இலேயே நன்றாக வருமே?

நீலவானம்: லேசாக ஓட்டினால் எனக்கு உதவியது. கொஞ்சம் கூட்டியதும் சொல்லின் கடைசி ‘ஸ்’ இரைச்சலோடு சேர்ந்து போனது. எந்த அளவில் நிறுத்துவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பதிவுக்குப் பதிவு மாறுகிறது.