குறுஞ்செய்தியைச் சுமந்தது யார்: டயாமீட்டரா, எஸ்எஸ்7-ஆ?

பழைய மணி:

> "எஸ்எஸ்7 செத்துப் பல வருஷம் ஆச்சு. 4ஜி ஃபோனுக்கு வர்ற எஸ்எம்எஸ் முழுக்க டயாமீட்டர்லதான் வருது." (டவர்தாசன், வேறு இழையில்)

நெட்வொர்க் கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பழைய மொழி எஸ்எஸ்7, புதிய மொழி டயாமீட்டர். இதைப் படித்துவிட்டுப் பேசாமல் போக முடியவில்லை. அங்கே பதினாறு பேர் விருப்பம் வேறு போட்டிருக்கிறார்கள்.

ஒரு செய்தி வந்து சேர்வதைப் பார்ப்போம். அது முதலில் செய்திகளைத் தேக்கி அனுப்பும் மையமான எஸ்எம்எஸ்சியில் வந்து உட்கார்கிறது. எஸ்எம்எஸ்சிக்குப் பெறுபவரின் எண் தெரியும், ஆள் எங்கே இருக்கிறார் என்று தெரியாது. அதனால் சந்தாதாரர் விவரங்களை வைத்திருக்கும் எச்எல்ஆரிடம் கேட்கிறது. எச்எல்ஆர் அந்த சிம்மின் அடையாள எண்ணான ஐஎம்எஸ்ஐயையும், குரலையும் எஸ்எம்எஸ்ஸையும் கவனிக்கும் சுவிட்சான எம்எஸ்சிகளில் ஃபோன் எதில் பதிவாகியிருக்கிறதோ அதன் முகவரியையும் தருகிறது. செய்தி அந்த எம்எஸ்சிக்குப் போகிறது. கேள்வி, பதில், செய்தி மூன்றும் எஸ்எஸ்7-இன் மேப் நெறிமுறையில். ஃபோன் 4ஜியில் இருந்தால் எம்எஸ்சி அதை எஸ்ஜிஎஸ் இணைப்பு வழியாக, 4ஜியில் ஃபோனின் இருப்பிடத்தைக் கவனிக்கும் எம்எம்இக்குத் தள்ளும். எம்எம்இ ஃபோனை எழுப்பி ரேடியோவில் இறக்கிவிடும்.

இந்த வழியில் செய்தியை டயாமீட்டர் எந்த இடத்தில் தூக்கியது? அந்த ஒரு இடத்தைக் காட்டுங்கள், போதும்.

டவர்தாசன்:

வந்துட்டார் ஐயா. எஸ்6ஏ என்று ஒரு இணைப்பு இருப்பதை மறந்துவிட்டீர்களா, இல்லை நீங்கள் வேலை பார்த்த காலத்தில் அது வரவே இல்லையா? ஃபோன் ஆன் ஆனதும் எம்எம்இ அதன் வழியாக 4ஜியின் சந்தாதாரர் பதிவேடான எச்எஸ்எஸ்-இடம் போய்ப் பதிவு செய்வது டயாமீட்டரில்தான். அந்தப் பதிவு இல்லாமல் ஃபோன் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இடமே தெரியாதபோது எஸ்எம்எஸ் எங்கே வரும்?

பழைய மணி:

முகவரி சொன்னவனைத் தபால்காரன் என்கிறீர்கள். அந்த முகவரியும் இந்தச் செய்திக்கு உதவியதா என்றால் அதுவும் இல்லை.

4ஜி ஃபோன் பதிவாகும்போது இரண்டு பதிவு நடக்கிறது. எம்எம்இ டயாமீட்டரில் எச்எஸ்எஸ்-க்குச் சொல்கிறது, இது டேட்டாவுக்கு. கூடவே எம்எம்இ ஒரு எம்எஸ்சியிடமும் ஃபோனைச் சேர்த்துவிடுகிறது. அந்த எம்எஸ்சி தன் பங்குக்கு எச்எல்ஆரிடம் மேப்பில் "இவர் இப்போது என்னிடம்" என்று சொல்கிறது. எஸ்எம்எஸ்சி கேட்கும்போது எச்எல்ஆர் தருவது இந்த இரண்டாவது முகவரியை. உங்கள் எஸ்6ஏ பதிவு அதன் கண்ணிலேயே படுவதில்லை.

ஆகவே மறுபடியும்: செய்தியைச் சுமந்தது யார்?

நிலாக்குறி:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு இந்தப் பெயர்கள் ஒன்றும் புரியாது. என் ஃபோனில் சில நாள் இணையம் நன்றாக வேலை செய்யும், அரட்டைச் செயலிகளில் படம்கூட வரும். ஆனால் ஓடிபி மட்டும் வராது. ஃபோனை அணைத்துப் போட்டால் எல்லாம் சேர்ந்து வந்து விழும். இது ஃபோன் கோளாறா, சிம் கோளாறா?

டவர்தாசன்:

சிம்மை மாற்றிப் பாருங்கள்.

பழைய மணி:

சிம்மை மாற்ற வேண்டாம் அம்மா. நீங்கள் சொன்னதுதான் இந்த விவாதத்துக்கே சாட்சி.

உங்கள் ஃபோனின் முதல் பதிவு நடந்திருக்கிறது, அதனால் இணையம் வருகிறது. இரண்டாவது பதிவு தவறிவிட்டது. எம்எஸ்சிக்கும் எம்எம்இக்கும் இடையிலான எஸ்ஜிஎஸ் இணைப்பு அறுந்திருக்கலாம், அல்லது எம்எஸ்சி திரும்பத் தொடங்கியபோது உங்கள் பதிவை இழந்திருக்கலாம். ஃபோனுக்கு வரும் பதிவுப் பதிலில் "இபிஎஸ் மட்டும்", அதாவது 4ஜி டேட்டா மட்டும் என்று இருக்கும், கூடவே காரண எண் 16 அல்லது 18 வரும். எம்எஸ்சியை இப்போதைக்கு அடைய முடியவில்லை என்பது 16. குரல், எஸ்எம்எஸ் பக்கம் இல்லவே இல்லை என்பது 18. திரையில் 4ஜி குறி முழுசாக நிற்பதால் உங்களுக்கு ஒன்றும் தெரியாது.

அணைத்துப் போட்டதும் இரண்டு பதிவும் புதிதாக நடக்கிறது. விமானப் பயன்முறையைப் போட்டு எடுத்தாலும் அதே பலன்தான்.

நிலாக்குறி:

அப்படியானால் அந்த ஓடிபிகள் அதுவரை எங்கே இருந்தன? அணைத்துப் போட்ட உடனே எப்படித் தெரிந்துகொண்டு வருகின்றன?

பழைய மணி:

நல்ல கேள்வி. இங்கே சிலருக்கு இப்படிக் கேட்கத் தோன்றவே இல்லை.

எஸ்எம்எஸ்சியில்தான் இருந்தன. முதல் முயற்சி தோற்றதும் எஸ்எம்எஸ்சி அதை எச்எல்ஆருக்குத் தெரிவிக்கும். எச்எல்ஆர் உங்கள் கணக்கில் ஒரு காத்திருப்புப் பட்டியல் வைத்து, எந்த எஸ்எம்எஸ்சியிடம் செய்தி தேங்கியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளும். நீங்கள் திரும்பப் பதிவானதும் பட்டியலில் உள்ள எஸ்எம்எஸ்சிக்கு ஒரு குரல் கொடுக்கும். அது தேக்கி வைத்ததை எல்லாம் வரிசையாகத் தள்ளும். உங்களுக்குக் கொத்தாக வந்து விழுவது அதனால்தான்.

எஸ்எம்எஸ்சி இடையிடையே தானாகவும் முயலும், ஆனால் இடைவெளி போகப்போக நீளும். அனுப்பியவர் செய்திக்கு ஐந்து நிமிடம்தான் ஆயுள் என்று குறித்திருந்தால் அதற்குள் சேராதது அழிக்கப்படும். வராமலே போன ஓடிபிகளின் கதை பெரும்பாலும் அதுதான்.

அந்தக் குரல் கொடுப்பதும் மேப்தான், டவர்தாசன் கவனிக்க.

சிக்னல் சித்தன்:

இரண்டு பேரும் பாதிப் படத்தைப் பார்த்துவிட்டுச் சண்டை போடுகிறீர்கள். வோல்டிஇ உள்ள ஃபோனில் எஸ்எம்எஸ், 4ஜி குரலைச் சுமக்கும் ஐஎம்எஸ் வழியாக வரலாம். அப்போது ஃபோனுக்கு வருவது எஸ்ஐபி நெறிமுறையில். அதில் மேப்பும் இல்லை, டயாமீட்டரும் இல்லை.

அப்புறம் எஸ்ஜிடி இடைமுகம். 3ஜிபிபி 29.338 ஆவணத்தைப் பாருங்கள். எஸ்எம்எஸ்சியிலிருந்து நேராக எம்எம்இக்கு, செய்தியையே டயாமீட்டர் சுமக்கிறது. நடுவில் எம்எஸ்சி கிடையாது. கட்டளை எண் 8388646. மணி சார் கேட்ட "ஒரு இடம்" இதுதான்.

டவர்தாசன்:

ஆஹா! சித்தரே, வாழ்க. மணி ஐயா, கேட்டீர்களா? செய்தியையே சுமக்கிறதாம். நான் அன்றே சொன்னேன்.

பழைய மணி:

நீங்கள் அன்று எஸ்6ஏ என்றீர்கள். எஸ்ஜிடி என்ற பெயரை இப்போது சித்தர் சொல்லித்தான் கேள்விப்படுகிறீர்கள். போன மாதம் ரோமிங் இழையிலும் இதே வேலைதான் செய்தீர்கள், அடுத்தவர் பதிலைத் தூக்கி உங்கள் பையில் போட்டுக்கொண்டீர்கள்.

சித்தருக்குப் பதில். ஐஎம்எஸ் வழியில் எச்எல்ஆர் எம்எஸ்சி முகவரிக்குப் பதிலாக ஐபி-எஸ்எம்-கேட்வேயின் முகவரியைத் தருகிறது. எஸ்எம்எஸ்சிக்கு வித்தியாசமே தெரியாது, வழக்கம்போல மேப்பில் அனுப்பிவிடுகிறது. கேட்வேதான் அதை எஸ்ஐபிக்கு மாற்றுகிறது. கடைசி ஓட்டம் மட்டும் எஸ்ஐபி.

எஸ்ஜிடி ஆவணத்தில் இருக்கிறது, மறுக்கவில்லை. குரல் பக்கமே தேவைப்படாத என்பி-ஐஓடி மீட்டர் போன்ற கருவிகளுக்குப் பொருத்தமான ஏற்பாடு. பேச்சு டவர்தாசன் சொன்ன "முழுக்க" பற்றி. அந்த "முழுக்க" எங்கே?

சிக்னல் சித்தன்:

2ஜி, 3ஜியை மூடிய நெட்வொர்க்கில் எம்எஸ்சியை எதற்கு வைத்திருப்பார்கள் சார்? அங்கே எஸ்ஜிடி அல்லது ஐஎம்எஸ்தான். மீட்டருக்கு மட்டும் என்று ஒதுக்குவது சரியில்லை.

பழைய மணி:

மூடியவர்கள் மூடட்டும். அடுத்த நெட்வொர்க்கிலிருந்து வரும் செய்தி மேப்பில் வந்தால் வாசலில் ஒரு மொழிபெயர்ப்புக் கருவி வைத்துத்தானே ஆக வேண்டும்? அது இருக்கும்வரை எஸ்எஸ்7 சாகவில்லை.

டவர்தாசன்:

சாகவில்லை, சாக வேண்டும். யார் என்று கேட்காமலே நம்புகிற கிழட்டு நெறிமுறை அது. 2017-ல் ஜெர்மனியில் எஸ்எஸ்7 வழியாக ஓடிபியைத் திருப்பி வங்கிக் கணக்கைக் காலி செய்தார்களே, மறந்துவிட்டதா? டயாமீட்டரில் அது நடக்காது. அதில் குறியாக்கம் இருக்கிறது.

சிக்னல் சித்தன்:

இதில் நான் உங்கள் பக்கம் இல்லை தாசன். அந்த வகைத் தாக்குதலின் சூட்சுமம் எளிது. "இவர் இப்போது என்னிடம்" என்று ஒரு பொய்ப் பதிவை எச்எல்ஆருக்கு அனுப்பினால் அடுத்த ஓடிபி பொய் முகவரிக்குப் போகும். டயாமீட்டரில் குறியாக்கம் இருந்தாலும் அது பக்கத்துக் கணு வரைக்கும்தான். ரோமிங்கில் நடுவே இரண்டு மூன்று முகவர்கள் இருப்பார்கள். கடைசியில் வந்து நிற்கும் அனுப்புநர் பெயர் உண்மையா என்று எச்எஸ்எஸ் எப்படிச் சொல்லும்? வாசலில் வடிகட்டி வைத்தால்தான் உண்டு. எஸ்எஸ்7-க்கும் அதே மருந்துதான்.

டவர்தாசன்:

இப்போது இரண்டு பேரும் ஒரு கட்சியா? சரி, இருக்கட்டும்.

பழைய மணி:

பேச்சை மாற்ற வேண்டாம். உங்கள் ஆய்வகத்தில் ட்ரேஸ் எடுக்க முடியும் என்று அடிக்கடி பெருமை பேசுவீர்களே. எம்எம்இயிலும் எஸ்எம்எஸ்சியிலும் ஐபி-எஸ்எம்-கேட்வேயிலும் ஒரே நேரத்தில் பிடியுங்கள். ஒரு 4ஜி ஃபோனுக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். வயர்ஷார்க்கில் இந்த வடிகட்டியைப் போடுங்கள்:

```
gsm_map || sgsap || sip.Method == "MESSAGE" || diameter.cmd.code == 8388646
```

எது வரிசையில் நிற்கிறதோ அதுதான் சுமந்தது. ஐஎம்எஸ் பக்கம் குறியாக்கம் போட்டிருந்தால் எஸ்ஐபி வரி தெரியாது, அதை நினைவில் வையுங்கள்.

டவர்தாசன்:

எடுத்தாச்சு. படம் இணைத்திருக்கிறேன். வரிசையாக டயாமீட்டர், டயாமீட்டர், டயாமீட்டர். கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள் ஐயா.

பழைய மணி:

போட்டுக்கொண்டுதான் பார்த்தேன். நான் கொடுத்த வடிகட்டியை விட்டுவிட்டு வெறும் `diameter` என்று போட்டிருக்கிறீர்கள். அப்படிப் போட்டால் வேறு எது தெரியும்? இருக்கும் வரிகளின் கட்டளை எண் 318, பிறகு 316. முதலாவது சிம்மைச் சரிபார்ப்பது, இரண்டாவது இடப்பதிவு. ஃபோனை ஆன் செய்ததைப் படம் பிடித்திருக்கிறீர்கள். இதில் எஸ்எம்எஸ் எங்கே?

டவர்தாசன்:

இடப்பதிவு இல்லாமல் எஸ்எம்எஸ் வருமா என்று முதலிலேயே கேட்டேன். அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

பழைய மணி:

வந்தது. இந்த இழையின் மூன்றாவது இடுகையைப் படியுங்கள்.

சிக்னல் சித்தன்:

5ஜி கருவில் உள்ளே பேசுவது எச்டிடிபி/2. அங்கே டயாமீட்டருக்கே வேலை குறைகிறது. நீங்கள் இரண்டு பேரும் எதற்கு வாரிசுச் சண்டை போடுகிறீர்கள் என்று புரியவில்லை.

பழைய மணி:

5ஜியிலும் எஸ்எம்எஸ்எஃப் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அது எஸ்எம்எஸ்சியோடு மேப்பிலும் பேசலாம். அதையும் இழுத்தால் இன்னும் நீளமாக எழுத வேண்டியிருக்கும்.

டவர்தாசன்:

எழுதாமல் விட்டால்தான் ஆச்சரியம்.

நிலாக்குறி:

விமானப் பயன்முறை போட்டு எடுத்தேன், ஓடிபி வந்தது. ஆனால் இன்று காலை மறுபடியும் வரவில்லை. வாடிக்கையாளர் சேவையில் கேட்டால் சிம்மை மாற்றச் சொல்கிறார்கள்.

டவர்தாசன்:

நான் சொன்னது அதைத்தானே!