மைட்டாசிஸ், மியாசிஸ் ஒப்பீட்டுப் படங்கள்: திருத்தும் ஆசிரியர்களின் உதவி தேவை

குழுவிலுள்ள உயிரியல் ஆசிரியர்களுக்கு வணக்கம். மேலூரில் மாலை நேரத்தில் பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். இரண்டு பகுப்புகளையும் ஒப்பிட்டுப் படம் வரையும்போது, மெட்டாஃபேஸிலும் அனாஃபேஸிலும்தான் அவர்கள் தடுமாறுகிறார்கள்.

நான்கு குரோமோசோம்கள் கொண்ட ஒரு செல்லையே எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறேன். மைட்டாசிஸின் மெட்டாஃபேஸில் நான்கும் செல்லின் நடுவே தனித்தனியாக ஒரே வரிசையில் நிற்கின்றன. அனாஃபேஸில் சென்ட்ரோமியர் பிரிவதால் ஒவ்வொரு துருவத்துக்கும் நான்கு ஒற்றைக் குரோமாட்டிடுகள் செல்கின்றன. முதல் மியாசிஸிலோ அவை இரண்டு இணைகளாக நிற்கின்றன. சென்ட்ரோமியர் பிரியாமல் இணைகள் மட்டும் விலகுவதால், ஒரு துருவத்துக்கு இரண்டு குரோமோசோம்களே, இரண்டு குரோமாட்டிடுகளுடன் முழுமையாகச் செல்கின்றன. மாணவர்கள் இங்கே ஒற்றைக் கோடு வரைந்துவிடுகிறார்கள். அப்படி வரைந்தால் இரண்டாம் மியாசிஸில் பிரிவதற்கு எதுவும் மிஞ்சாது என்று விளக்கிய பிறகே புரிந்துகொள்கிறார்கள்.

என் ஐயங்கள் இரண்டு. புரோஃபேஸில் குறுக்கேற்றம் நடந்ததைக் காட்டிய மாணவர், முதல் அனாஃபேஸ் படத்திலும் குரோமாட்டிடுகளின் நுனியை இரு நிறங்களில் காட்ட வேண்டுமென்று எதிர்பார்ப்பீர்களா? அறிவியல்படி அதுவே சரி என்பது என் கருத்து. இரண்டாம் மியாசிஸ் மைட்டாசிஸைப் போலவே நடப்பதால், அதற்கு அனாஃபேஸ் படம் ஒன்று மட்டும் போதுமா? விடைத்தாள் திருத்திய அனுபவமுள்ளவர்கள், பாகங்கள் குறித்த மாதிரிப் படத்தைக் கையால் வரைந்து பகிர்ந்தால் பேருதவியாக இருக்கும்.